பெரிய போன், சின்னக் கை: ஒன்-ஹேண்டட் மோடு யாருக்காவது உண்மையில் உதவுகிறதா?

கயல்விழி_தாம்பரம்

வணக்கம். பழைய போன் உயிரை விட்ட பிறகு சாம்சங் ஏ வரிசையில் ஒன்று வாங்கினேன். 6.7 அங்குலத் திரை. படிக்கவும் படம் பார்க்கவும் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கை ரொம்பச் சின்னது. வளையல் 2.2 போட்டாலே தளர்வாக இருக்கும், அப்படி ஒரு கை.

வேலைக்கு மின்சார ரயிலில் போகிறேன், தாம்பரத்திலிருந்து எழும்பூர். உட்கார இடம் கிடைக்காது. இடது கை மேலே கைப்பிடியில் இருக்கும், வலது கையில் போன். கட்டைவிரல் திரையின் பாதியைத் தாண்டுவதில்லை. மேலே இடது மூலையில் ஏதாவது தொட வேண்டும் என்றால் போனை உள்ளங்கையில் மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. மாம்பலத்தில் கூட்டம் ஏறும்போது அப்படி இறக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விழுந்தது. நல்லவேளை, முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் கூடைக்குள்.

Settings > Advanced features > One-handed mode போய் ஆன் செய்துவிட்டேன். Gesture என்று இருக்கிறது. திரையின் அடியில் நடுவிலிருந்து கீழே இழுக்கச் சொல்கிறது. சில சமயம் வருகிறது, பல சமயம் பக்கம் மட்டும் உருளுகிறது. வந்தாலும் மொத்தத் திரையும் மூலையில் சுருங்கி, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது. என் தோழியின் ஐபோனில் மேல் பாதி அப்படியே கீழே இறங்குகிறது, எழுத்தின் அளவு மாறவில்லை. சாம்சங்கில் அப்படிச் செய்ய வழி இருக்கிறதா?

சென்னைவாசி77

ரொம்ப சிம்பிள் சிஸ்டர். Settings > Display > Navigation bar போய் Buttons தேர்ந்தெடுங்கள். பிறகு One-handed mode உள்ளே Gesture-க்குப் பதில் Button. இனி ஹோம் பட்டனை இரண்டு தடவை வேகமாகத் தட்டினால் போதும், ஒரு தடவைகூடத் தவறாது. எழுத்து சின்னதாக இருந்தால் Font size, Screen zoom இரண்டையும் ஏற்றி வையுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

ரவி_கோவை

என் அப்பாவுக்கும் இதே நிலைமைதான். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை சரியாக வேலை செய்யவில்லை. அவருக்கு Voice Access போட்டுக் கொடுத்தேன், பேசியே போனை இயக்கலாம். மேசையில் ஒரு ஸ்டாண்டு வைத்துவிட்டால் கையில் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. மனதைத் தளரவிடாதீர்கள் சகோதரி.

கயல்விழி_தாம்பரம்

ரவி அண்ணா, அப்பா சீக்கிரம் நன்றாகட்டும். எனக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்று ரயில் கைப்பிடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ரயிலில் நின்று போனோடு பேசினால் பெட்டியே திரும்பிப் பார்க்கும் :)

சென்னைவாசி, மூன்று பட்டன் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடி தவறாமல் வருகிறது. ஆனால் Font size ஏற்றினால் சுருங்கிய திரைக்குள் இரண்டு வரிதான் தெரிகிறது, சாதாரணமாகப் பார்க்கும்போதும் எல்லாம் பூதாகரமாக இருக்கிறது. திரும்ப இறக்கிவிட்டேன்.

பட்டறை_பாஸ்கர்

போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன், இந்தக் கேள்வி அடிக்கடி வரும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஒரு கையால் பயன்படுத்த இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்று சுருக்குவது. சாம்சங் தருவது அது. முழுத் திரையும் சின்னதாகி வலது அல்லது இடது மூலைக்கு வரும். அம்புக்குறியைத் தட்டினால் பக்கம் மாறும், மூலையைப் பிடித்து இழுத்தால் அளவு மாறும். மற்றது இறக்குவது. ஐபோனில் Reachability என்ற பெயரில் 2014-ல் ஐபோன் 6 வந்தபோதே வந்துவிட்டது. பிக்சல் மாதிரியான போன்களில் ஆண்ட்ராய்டு 12-லிருந்து இருக்கிறது.

எது நல்லது என்பது எந்தத் திசையில் விரல் எட்டவில்லை என்பதைப் பொறுத்தது. உங்கள் திரை 20:9 விகிதம் என்றால் உயரம் சுமார் 155 மில்லிமீட்டர், அகலம் சுமார் 70. பாதி இறக்கினால் மேல் விளிம்பு 78 மில்லிமீட்டர் கீழே வந்துவிடும். உயரப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அகலம் அந்த 70 அப்படியேதான் இருக்கும். வலது கையில் பிடித்தவருக்கு இடது ஓரம் எட்டாது என்றால் இறக்கியும் பயனில்லை, சுருக்கத்தான் வேண்டும். சென்னைவாசி சொன்ன பட்டன் வழி திரையைச் சுருக்குவதற்குச் சரியான வழி. அதிலேயே எழுத்தையும் பெரிதாக்குவது ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குவது.

உங்கள் இழுப்பு ஏன் தவறுகிறது என்றால், விரலை வைக்கும் இடம்தான். கொஞ்சம் மேலே வைத்து இழுத்தால் போன் அதைப் பக்கத்தை உருட்டுவதாக எடுத்துக்கொள்ளும். சரியாக அடி விளிம்பிலேயே வைத்தால் இழுக்க இடமில்லை. அடியில் ஒரு மெல்லிய கோடு தெரியும், அதற்கு ஒரு நூல் மேலே விரலை வைத்து விளிம்புக்கு வெளியே வரை இழுக்க வேண்டும். முன்பக்கம் விளிம்பு தூக்கிய கெட்டி கவர் போட்டிருந்தால் விரல் அதில் முட்டி நின்றுவிடும். கவரைக் கழற்றி ஒரு முறை இழுத்துப் பாருங்கள், உடனே வித்தியாசம் தெரியும்.

ஆனாலும் என் கருத்து, சின்னக் கைக்கு அந்த இடமே தப்பு. ரயிலில் நீங்கள் பிடிக்கும்போது சுண்டுவிரல் அடியில் தாங்கிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் இயல்பாக நிற்பது வலது ஓரத்தின் நடுப்பக்கம். மேலே எட்டாத விரலை, முதலில் அடி விளிம்புக்கு மடக்கிக் கொண்டுபோ என்றால் பிடியே தளர்ந்துவிடும். கையாளும் சாவி விரல் நிற்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு கேலக்ஸி ஸ்டோரில் One Hand Operation + என்று தேடுங்கள். சாம்சங்கே தரும் ஆப், காசில்லை. திரையின் ஓரத்தில் ஒரு மெல்லிய பிடி வைக்கும். அந்தப் பிடியிலிருந்து நேராக உள்ளே இழுத்தால் ஒரு வேலை, சாய்வாக மேலே இழுத்தால் ஒன்று, சாய்வாகக் கீழே இழுத்தால் ஒன்று. நீங்கள் கேட்ட ‘மேல் பாதி கீழே இறங்குவது’ அந்தப் பட்டியலில் Pull down screen என்று இருக்கும். அதைச் சாய்வாகக் கீழே இழுப்பதற்குக் கொடுங்கள். நேராக இழுப்பது Back-ஆகவே இருக்கட்டும், கைப்பழக்கம் கெடாது. சாய்வாக மேலே இழுப்பதற்கு அறிவிப்புப் பலகை.

பிடியை எங்கே வைப்பது என்பதை ஊகிக்காதீர்கள். Samsung Notes-ல் வெறும் பக்கம் ஒன்று திறந்து, தடித்த பேனா தேர்ந்தெடுங்கள். ரயிலில் பிடிப்பது போலவே பிடித்து, பிடியை மாற்றாமல் கட்டைவிரலால் எட்டும் இடமெல்லாம் தேயுங்கள். விசிறி மாதிரி ஒரு வடிவம் வரும், வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு. அதுதான் உங்கள் ராஜ்ஜியம். பிடி அந்த விசிறிக்குள் இருக்க வேண்டும். வலது அடி மூலை அநேகமாக வெள்ளையாகவே இருக்கும், அதையும் கவனியுங்கள். பலருக்கு மேல் மூலை எட்டாதது தெரிகிறது, உள்ளங்கைக்குப் பக்கத்திலிருக்கும் மூலையும் எட்டாது என்பது தெரிவதில்லை.

மீனா_டீச்சர்

பாஸ்கர் சார் எழுதியதைப் படித்ததும் கொதிப்பு வந்தது. எங்கள் அம்மா போனில் ஒரு நாள் திரை முழுக்க வலது மூலைக்குப் போய்விட்டது, சுற்றிலும் கறுப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் காட்டினார். டிஸ்ப்ளே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி ஒரு தொகையும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பணம் எடுக்க வீட்டுக்கு வந்த நேரத்தில் என் மகன் அந்தக் கறுப்பில் ஒரு தட்டு தட்டினான், பழையபடி ஆகிவிட்டது. பெரியவர்கள் போனில் இந்த மோடை அணைத்தே வையுங்கள். அவர்களாக விரும்பி ஆன் செய்வதில்லை, தெரியாமல் பட்டுத்தான் வருகிறது.

பட்டறை_பாஸ்கர்

டீச்சர், அப்படிச் சொன்ன கடைக்காரரை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. டிஸ்ப்ளே போனால் படம் சின்னதாகி மூலையில் ஒழுங்காக வேலை செய்யாது. கோடு விழும், கறை பரவும், தொட்டால் எடுக்காது. சுருங்கிய படத்துக்குள் எல்லாம் வேலை செய்தால் அது செட்டிங்தான், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஐபோன்_அன்வர்

ஐபோன்காரர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக. Settings > Accessibility > Touch > Reachability ஆன் செய்ய வேண்டும். ஹோம் பட்டன் உள்ள பழைய மாடலில் பட்டனை அழுத்தாமல் மெல்ல இரண்டு தடவை தொட்டால் இறங்கும். புதியவற்றில் அடி விளிம்பில் கீழே இழுக்க வேண்டும். பாஸ்கர் சொன்ன அதே தொல்லைதான், விரலை மடக்க வேண்டும்.

நான் செய்திருப்பது வேறு. அதே Touch பக்கத்தின் கடைசியில் Back Tap இருக்கிறது. Double Tap-க்கு Reachability கொடுத்துவிட்டேன். போனின் முதுகில் ஆள்காட்டி விரலால் இரண்டு தட்டு, திரை இறங்கிவிடும். கட்டைவிரல் நகரவே வேண்டாம். இறங்கிய நிலையில் அதன் மேல் வலது மூலையிலிருந்து இழுத்தால் கண்ட்ரோல் சென்டரும் வரும். இது தெரியாமல் நெடுநாள் இரண்டு கையால் இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குறை என்னவென்றால், பைக்குள் ஆடும்போதோ மேசையில் வைக்கும்போதோ தானாக இறங்கிவிடும் சில சமயம். தொடாமல் விட்டால் கொஞ்ச நேரத்தில் தானே மேலே போய்விடுகிறது, எனவே பெரிய தொல்லை இல்லை.

சென்னைவாசி77

எல்லாரும் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள். பின்னால் ஒரு பாப் சாக்கெட் ஒட்டினால் முடிந்தது. விரலை நடுவில் விட்டுப் பிடித்தால் எல்லா மூலையும் எட்டும்.

பிசியோ_நந்தினி

எல்லா மூலையும் எட்டாது, ஆனால் யோசனை நல்லதுதான். சுண்டுவிரல் மேல் போனின் எடை முழுவதையும் தாங்க வைப்பதைவிட எவ்வளவோ மேல். என்னிடம் வருபவர்களில் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை வலிக்கிறது என்பவர்கள் கணிசம். கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களை அதன்மேல் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது சுருக்கென்று வலித்தால், செட்டிங் மாற்றுவதோடு நிறுத்தாமல் ஒருவரிடம் காட்டுங்கள். எந்த மோடு போட்டாலும் நாள் முழுக்க அதே விரல்தானே வேலை செய்கிறது.

பாப் சாக்கெட்டை ரொம்ப அடியில் ஒட்டாதீர்கள். மேல்பகுதி கனத்துப் போன் தலை குப்புறச் சாயும். நடுவுக்குச் சற்றுக் கீழே போதும்.

கயல்விழி_தாம்பரம்

பாஸ்கர் அண்ணா, செய்துவிட்டேன்! Notes-ல் தேய்த்துப் பார்த்தால் நீங்கள் சொன்ன விசிறி அப்படியே வந்தது. மேலே திரையின் பாதிக்குக் கொஞ்சம் கீழே முடிகிறது. இடது ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெள்ளை. வலது அடி மூலையும் வெள்ளை.

பிடியை ஓரத்தில் நடுவுக்குக் கீழே வைத்து, சாய்வாகக் கீழே இழுத்தால் திரை இறங்கும்படி செய்தேன். எழுத்து சின்னதாகவில்லை, அதுவே பெரிய நிம்மதி. செய்தி ஆப்பில் மேலே இருக்கும் தேடல் கட்டத்தை இன்று கிண்டி தாண்டும்போது கை நகராமல் தொட்டேன்.

இப்போது இரண்டு தொல்லை. பக்கத்தை உருட்டும்போது விரல் ஓரத்தில் பட்டால் திரை திடீரென்று இறங்கிவிடுகிறது. இரண்டாவது, மேல் இடது மூலை. இறங்கிய பிறகும் அந்தக் கடைசி விரல் அகலம் எட்டவில்லை, நீங்கள் சொன்னபடியே.

பட்டறை_பாஸ்கர்

முதலாவதற்குப் பிடியின் அகலத்தைக் குறையுங்கள். ஆப்பைத் திறந்தால் அகலம், நீளம், இடம் மூன்றுக்கும் தனித்தனியாக இழுக்கும் கோடு இருக்கும். நீளத்தையும் கட்டைவிரலின் அளவு மட்டும் வையுங்கள், திரை உயரம் முழுக்கப் பிடி இருக்கத் தேவையில்லை. அப்புறம் அதே ஆப்பில் நீள இழுப்பு என்று ஒரு வசதி இருக்கிறது. அதை ஆன் செய்தால் குட்டியாக இழுப்பது ஒன்று, தொடர்ந்து நீளமாக இழுப்பது வேறொன்று. திரை இறக்குவதை நீள இழுப்புக்கு மாற்றிவிடுங்கள். உருட்டும்போது தவறிப் படுவது எப்போதும் குட்டி இழுப்பாகத்தான் இருக்கும். விளையாட்டு ஆப் ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் பிடியை விலக்கி வைக்கவும் முடியும்.

இரண்டாவதற்கு, அதே பட்டியலில் Virtual touch pad பாருங்கள். விரலுக்கடியில் ஒரு சின்னப் பலகை வரும், அதில் தேய்த்தால் மடிக்கணினியில் போல ஒரு அம்புக்குறி திரையில் ஓடும். எந்த மூலையையும் தொடலாம். வேகமாக வேலை செய்ய இது உதவாது, அந்த ஒரு மூலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மேல் இடது மூலையில் இருப்பது பின்னால் போகும் அம்புதான், அதற்கு ஓரத்திலிருந்து நேராக இழுப்பதே போதும்.

ஒரு எச்சரிக்கை. சாம்சங் இல்லாத போன்காரர்கள் இதேபோல ஏதோ ஒரு ஆப்பைத் தேடி நிறுவுவார்கள். பல ஆப்கள் Accessibility அனுமதி கேட்கும். அந்த அனுமதி கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்க முடியும். அதனால்தான் சில வங்கி ஆப்கள் அப்படி ஒன்று ஓடினாலே திறக்க மறுக்கும். யார் செய்தது என்று தெரியாத ஆப்புக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

தட்டச்சுப்_பித்தன்

யாரும் கீபோர்டைப் பற்றிப் பேசவில்லையே! தமிழில் தட்டுபவர்களுக்கு அங்கேதான் உண்மையான சண்டை.

திரையைச் சுருக்கிவிட்டுத் தட்டினால் கீபோர்டும் கூடவே சுருங்கும், விசைகள் எள்ளளவு ஆகும். திரையை விட்டுவிட்டுக் கீபோர்டை மட்டும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஜிபோர்டில் மேல் பட்டையில் நான்கு கட்டக் குறியைத் தட்டினால் One-handed இருக்கும். சாம்சங் கீபோர்டில் Modes உள்ளே. ஐபோனில் எமோஜி விசையை அழுத்திப் பிடித்தால் கீழே கீபோர்டு எந்தப் பக்கம் என்று கேட்கும்.

ஜிபோர்டில் ஒதுக்கிய பிறகு பக்கத்தில் அளவு மாற்றும் குறி வரும். அதைத் தட்டிக் கீபோர்டை ஒரு விரல் அகலம் மேலே தூக்குங்கள். பாஸ்கர் சொன்ன அடி மூலை ராசி இங்கே தெரியும். என்டர் விசை அந்த எட்டாத மூலையில்தானே உட்கார்ந்திருக்கிறது.

எந்த அமைப்பு என்பதும் முக்கியம். நான் தமிழ்99 வெறியன். அதில் ஒரு வரிசையில் 10-க்கு மேல் விசை. ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறையில் 10. ஒதுக்கிய கீபோர்டில் அந்தச் சின்ன வித்தியாசம்கூட உறுத்தும், கட்டைவிரல் ‘ண’ தொடப்போய் ‘ட’வில் இறங்கும். ஆனாலும் தமிழ்99-ல் ஒரு சொல்லுக்குத் தட்டு குறைவு என்பதால் நான் விடமாட்டேன்.

ஐபோன்_அன்வர்

நான் ஆங்கில எழுத்துக் கட்சி. தட்டு கூடினாலும் தப்பு குறைகிறது. ரயிலில் நின்றுகொண்டு திருத்துவதுதான் நேரம் தின்பது.

தட்டச்சுப்_பித்தன்

உங்களுக்குப் பழகாததால் தப்பு வருகிறது என்று நான் சொல்வேன், அது வேறு இழை ஆகிவிடும்.

மீனா_டீச்சர்

உலாவியைப் பற்றி ஒரு வார்த்தை. முகவரிப் பட்டையையே கீழே கொண்டுவந்துவிட்டால் பாதி நேரம் திரையை இறக்கும் வேலையே இல்லை. சாம்சங் இன்டர்நெட்டில் அதன் செட்டிங்குக்குள் அடிப்பக்கம் வைக்க வழி இருக்கிறது. குரோமில் இப்போது முகவரிப் பட்டையை அழுத்திப் பிடித்தாலே கீழே நகர்த்தவா என்று கேட்கிறது. ஐபோன் சஃபாரியில் 2021-லிருந்தே உண்டு. அறிவிப்புக்கும் மேல் விளிம்புக்குப் போக வேண்டாம். சாம்சங்கில் முகப்புத் திரையின் வெற்றிடத்தை அழுத்திப் பிடித்து Settings போனால், முகப்பில் எங்கே கீழே இழுத்தாலும் அறிவிப்பு வரும்படி செய்யலாம்.

கயல்விழி_தாம்பரம்

டீச்சர், இது அருமை. பாஸ்கர் அண்ணா சொன்ன நீள இழுப்பும் வேலை செய்கிறது, தவறி இறங்குவது நின்றுவிட்டது. கீபோர்டையும் தூக்கி வைத்துவிட்டேன். அனிச்சையாக இன்னும் சுண்டுவிரலைத்தான் அடியில் கொடுக்கிறேன், நந்தினி மேடம் மன்னிக்கவும்.

ஒன்று மட்டும் மிச்சம். கடையில் ஒரு கையில் பை, மறு கையில் போன், க்யூஆர் ஸ்கேன் செய்ய வேண்டும். ஸ்கேன் குறி மேலே, அடுத்து வரும் பணம் செலுத்தும் பட்டன் அடியில். திரையை இறக்கினால் அடியிலிருக்கும் பட்டன் வெளியே போய்விடுகிறது. இறக்கு, தொடு, ஏற்று, தொடு என்று ஒரே கூத்து. பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுகிறார்.

பட்டறை_பாஸ்கர்

இறக்கும் முறையின் குறையே அதுதான் கயல். மேல் பாதி வேண்டுமென்றால் கீழ்ப் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டும். மேலும் கீழும் மாறி மாறிக் கேட்கும் ஆப்பில் அது தோற்கும். அந்த இடத்தில் சுருக்கும் முறைதான் ஜெயிக்கும், ஆனால் க்யூஆர் காட்டும் கட்டமும் சேர்ந்து சுருங்கும்.

பல யுபிஐ ஆப்களில் ஐகானை அழுத்திப் பிடித்தால் ஸ்கேன் தனியாக வரும். அதை இழுத்து முகப்புத் திரையில் உங்கள் விசிறிக்குள் எங்காவது வைத்துவிடுங்கள். மேலே போகும் முதல் தொடுதல் மிச்சமாகும். எண் தட்டும் கட்டமும் பின் போடும் கட்டமும் கீழேதான் இருக்கும், அவை எட்டிவிடும். தொகை போடும் இடத்தைச் சில ஆப்கள் மேலே வைத்திருக்கின்றன, அதற்கு என்னிடம் வழி இல்லை.

ரவி_கோவை

பையைக் கீழே வைக்கலாமே?

கயல்விழி_தாம்பரம்

மீன் கடை அண்ணா. கீழே தண்ணீர்.